யூனில மிஸ்காண்டக்ட் ஹியரிங், அடுத்த வியாழன். ஸ்டேட்மென்ட் எப்படி எழுதறது?

லெஸ்டர்_மதி:
எம்எஸ்சி படிக்கிறேன், இங்கிலாந்துல. பைத்தான் கோர்ஸ்வொர்க்ல என் கோடும் என் ரூம்மேட் கோடும் ஒண்ணா இருக்கு, ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணியிருக்கீங்கன்னு கொலூஷன் அலிகேஷன் மெயில் வந்திருக்கு. நடந்தது என்னன்னா, டெட்லைனுக்கு முந்தின நாள் ராத்திரி அவ ஃபைல் ரீட் பண்ற பார்ட் மட்டும் வரலைன்னு அழுதா, நான் என் ஃபைலை வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன், பாத்துட்டு நீயே எழுதுன்னு சொல்லித்தான் அனுப்பினேன், அவ நாலு ஃபங்ஷனை அப்படியே போட்டுட்டா. நான் காப்பி அடிக்கலையே, எனக்கு எதுக்கு ஹியரிங்? ஸ்டேட்மென்ட் திங்கட்கிழமைக்குள்ள குடுக்கணுமாம். ரெண்டு நாளா தூக்கம் இல்ல.

குமரன்_கே:
எதையும் ஒத்துக்காதீங்க. நிரூபிக்க வேண்டியது அவங்க பொறுப்பு. சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க முடியலைன்னா விட்டுடணும்.

வாணி அக்கா:
குமரன் தம்பி, நிரூபிக்க வேண்டியது யூனிதான்ங்கறது சரி. ஆனா சந்தேகத்துக்கு இடமில்லாமன்றது கிரிமினல் கோர்ட் அளவுகோல். இங்க பெரும்பாலும் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம்னு மட்டும்தான் பாப்பாங்க. வாட்ஸ்அப்ல ஃபைல் போயிருக்கு, ரூம்மேட்டும் அதைச் சொல்லிடுவா, நீ இல்லவே இல்லைன்னு நின்னா மத்த விஷயத்துல நீ சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க.

மதி, நான் ஒரு யூனில ஸ்டூடண்ட்ஸ் யூனியன் அட்வைஸ் டீம்ல இருந்தேன், பசங்களோட ஹியரிங்குக்கு போய் பக்கத்துல உக்காந்திருக்கேன். நிறைய யூனி ரூல்ல, வேலையை அனுப்பினவங்க மேலயும் கொலூஷன் வரும். அதனால "நான் காப்பி அடிக்கல"ன்னு மட்டும் எழுதினா கேட்ட கேள்விக்குப் பதிலே ஆகாது. முதல்ல மெயில்ல எந்த ரூல் நம்பர் போட்டிருக்காங்கன்னு பாத்து அதை முழுசா படி.

இன்னைக்கே ரெண்டு வேலை பண்ணு. அவங்க வச்சிருக்கற ஆதாரம் மொத்தமும், அதாவது ரெண்டு கோடையும் பக்கத்துல பக்கத்துல வச்ச ரிப்போர்ட், டீச்சர் எழுதின நோட், எல்லாத்தையும் ஹியரிங்குக்கு முன்னாடி அனுப்பச் சொல்லி மெயில் போடு. பாக்காத ஆதாரத்துக்குப் பதில் எழுத முடியாது, லேட்டா வந்தா டைம் கேளு. அப்புறம் உன் யூனியன் அட்வைஸ் டீமுக்கு போ, ஃப்ரீ, யூனிக்கு கட்டுப்பட்டவங்க இல்ல, கூட வர ஆள் தருவாங்க.

செல்வா_திருச்சி:
எங்க காலேஜ்ல எக்ஸாம் ஹால்ல பாக்கெட்ல போன் இருந்துச்சுன்னு பிடிச்சாங்க. அங்கேயே ஒரு பேப்பர் நீட்டி எழுதி குடுன்னாங்க, பயத்துல "மன்னிக்கவும், தப்பு பண்ணிட்டேன்"னு எழுதிட்டேன். போன் ஆஃப்ல இருந்துச்சுன்னு எழுதவே தோணல. அப்புறம் கமிட்டில அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்ப காட்டினாங்க.

லெஸ்டர்_மதி:
அக்கா, அவளும் நானும் உக்காந்து ரெண்டு ஸ்டேட்மென்ட்டையும் ஒரே மாதிரி எழுதிக்கலாமான்னு கேக்கறா.

வாணி அக்கா:
வேண்டவே வேண்டாம்டா. கொலூஷன் கேஸ்ல ரெண்டு ஸ்டேட்மென்ட்டும் ஒரே வாக்கியத்துல வந்தா வேற என்ன நினைப்பாங்க. சாட்டையும் டிலீட் பண்ணாத, "நீயே எழுது"ன்னு நீ சொன்னது அதுலதான் இருக்கு.

ஸ்டேட்மென்ட் ஒரு பக்கம் போதும். தேதி, மணியோட நடந்ததை வரிசையா எழுது. எது உன்னுதோ அதை நேரா சொல்லு: "12ஆம் தேதி இரவு 11.40க்கு என் ஃபைலை அனுப்பினேன். பார்த்துப் புரிஞ்சுக்கத்தான் அனுப்பினேன், அப்படியே சமர்ப்பிக்கச் சொல்லல. அனுப்பினதே விதிக்கு எதிரானதுன்னு இப்ப புரியுது. கோடை நான் மட்டும்தான் எழுதினேன், ஆதாரம் இணைப்பு 1." இந்தத் தொனி போதும். அவ அழுதது, அவ எப்படிப்பட்டவ, டீச்சர் ஏன் உங்களைக் குறி வைக்கறார், இதெல்லாம் வேண்டாம். வீட்ல உடம்பு சரியில்லாத மாதிரி ஏதாவது இருந்தா தனி பாராவா கடைசில, ஆதாரத்தோட. கோபத்துல எழுதின முதல் டிராஃப்ட்டை ஒரு ராத்திரி அப்படியே விட்டுட்டு காலைல படி.

இணைப்புக்கு, கிட் யூஸ் பண்ணியிருந்தா இதை எடு:

```
git log --date=iso --stat
```

லெஸ்டர்_மதி:
கிட் இருக்கு, மூணு வாரத்துக்கு கமிட் இருக்கு! ஹியரிங்ல என்ன கேப்பாங்க?

வாணி அக்கா:
பொதுவா மூணு பேர் வரைக்கும் இருப்பாங்க, அரை மணி போல. அலிகேஷனைப் படிப்பாங்க, நீ பேசலாம், அப்புறம் கேள்வி. "இந்த லூப் ஏன் இப்படி எழுதின?"ன்னு கோடைக் காட்டிக் கேப்பாங்க, அதனால உன் கோடை ஒரு தடவை உக்காந்து படிச்சிட்டுப் போ. புரியலைன்னா திரும்பக் கேக்கச் சொல்லு. முடிவு அன்னைக்கே சொல்லலாம், இல்ல மெயில்ல வரும். அப்பீல் டெட்லைன் அந்த லெட்டர்லயே இருக்கும், சில யூனில பத்து வேலை நாள்தான். யூனிக்குள்ள எல்லாம் முடிஞ்சா கம்ப்ளீஷன் ஆஃப் ப்ரொசீஜர்ஸ் லெட்டர் தருவாங்க. அது வந்த 12 மாசத்துக்குள்ள, யூனி மேல ஸ்டூடண்ட்ஸ் குடுக்கற புகாரை விசாரிக்கற தனி அமைப்பான ஓஐஏ கிட்ட ஃப்ரீயா போகலாம், இங்கிலாந்து, வேல்ஸுக்கு மட்டும். ஆனா அவங்க மார்க்கைத் திருத்த மாட்டாங்க, நடைமுறை சரியா நடந்துச்சா, முடிவு நியாயமானதான்னுதான் பாப்பாங்க.

குமரன்_கே:
வீசா போயிடுமா?

வாணி அக்கா:
அந்த மாட்யூல் மார்க்கைக் குறைச்சா, திரும்ப எழுதச் சொன்னா, அதனால மட்டும் போகாது. கோர்ஸ்ல இருந்தே எடுத்தா யூனி ஹோம் ஆஃபீஸுக்கு ரிப்போர்ட் பண்ணும். திரும்ப எழுதறது வீசா முடியற தேதியைத் தாண்டினா என்னன்னு உன் யூனி இன்டர்நேஷனல் ஆஃபீஸ்லதான் கேக்கணும், அது நான் இங்க இருந்து சொல்ற விஷயம் இல்ல.

லெஸ்டர்_மதி:
ஆதாரம் கேட்டு மெயில் போட்டுட்டேன். யூனியன்ல நாளைக்கு காலை பத்தரைக்கு அப்பாயின்ட்மென்ட். அவகிட்டயும் தனியா போய்ப் பாருன்னு சொல்லிட்டேன், இன்னும் பதில் இல்ல.