டைம்அவுட் ஆனதும் ஆப் மறுபடி அனுப்பியது, ஒரே சரக்குக்கு இரண்டு இன்வாய்ஸ்: உங்கள் அனுபவம் என்ன?

பின்னலாடை

திருப்பூரில் ஒரு நூல் மொத்த வியாபாரிக்கு நாங்கள் செய்து கொடுத்த பில்லிங் ஆப். அங்கே கணக்கு பார்க்கும் அம்மா இரண்டு இன்வாய்ஸ் தாளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பார்ட்டி, எடை, தொகை எல்லாம் எழுத்துக்கு எழுத்து ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தது. எண் மட்டும் 1187, 1188. "தம்பி, நான் ஒரு தடவைதான் அழுத்தினேன்" என்றார். அந்த முகம் இன்னும் போகவில்லை.

லாக்கைப் பார்த்தால் முதல் வரி 499, அடுத்த வரி 201. ஆப்பில் டைம்அவுட் 30 விநாடி. இ-இன்வாய்ஸ் போர்ட்டல் அன்று மெதுவாக இருந்ததால் சர்வருக்கு 38 விநாடி ஆகியிருக்கிறது. ஆப் காத்திருக்காமல் துண்டித்துவிட்டு மறுபடி அனுப்பியது, சர்வரோ முதல் வேலையையும் விடாமல் முடித்திருக்கிறது. இரண்டுக்கும் ஐஆர்என் வாங்கியாகிவிட்டது. இன்வாய்ஸ் எண் வேறு என்பதால் போர்ட்டலுக்கு இது டூப்ளிகேட்டாகத் தெரியவே இல்லை. 24 மணி நேரத்துக்குள் பார்த்திருந்தால் கேன்சல் செய்திருக்கலாம். நாங்கள் பார்த்தது மூன்றாம் நாள், அதனால் கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிசெய்தோம்.

உடனே `Idempotency-Key` ஹெடர் போட்டோம், டேபிளில் யுனிக் வைத்தோம். இரண்டு வாரம் கழித்து அதே கதை! இந்த முறை பார்த்தால் இரண்டு ரிக்வெஸ்ட்டிலும் கீ வேறு வேறு. யூயூஐடி உருவாக்கும் வரியை ரீட்ரை செய்கிற இன்டர்செப்டருக்குள் வைத்திருந்தோம், ஒவ்வொரு முயற்சிக்கும் புதுசாக ஒன்று பிறந்தது. இப்போது பில் திரை திறக்கும்போதே கீ உருவாகி, டிராஃப்ட்டோடு போனிலேயே சேமிக்கப்படுகிறது. ஆப்பை மூடித் திறந்தாலும் அதே கீதான் போகும்.

மதுரைக்காரன்

இதற்கு இவ்வளவு தேவையா நண்பரே? எங்கள் ஆபீஸில் சேவ் பட்டனை ஒரு முறை அழுத்தியதும் டிஸேபிள் செய்துவிடுகிறோம். கூடவே கஸ்டமர், தேதி, தொகை மூன்றையும் சேர்த்து யுனிக் போட்டிருக்கிறோம். ஒரு வருடமாகப் பிரச்சினை இல்லை.

செவ்வந்தி

மதுரைக்காரன் சார், அந்த மூன்றையும் சேர்த்த யுனிக்கைத்தான் நாங்களும் போட்டோம். பால் சப்ளை கிளையன்ட். ஒரே ஹோட்டலுக்குக் காலையில் 40 லிட்டர், மாலையில் 40 லிட்டர், ஒரே விலை. மாலை பில் உண்மையான பில், அதை சர்வர் டூப்ளிகேட் என்று தள்ளிவிட்டது. டெலிவரி பையன் ஹோட்டல் வாசலில் நின்றுகொண்டு போன் செய்தான், அக்கா பில் வரமாட்டேன் என்கிறது, இவர்கள் பால் இறக்க விடமாட்டேன் என்கிறார்கள் என்று. அன்று ராத்திரியே அந்த இன்டெக்ஸை எடுத்தோம். தொகையும் தேதியும் ஒன்றாக இருப்பதை வைத்து அது திரும்ப வந்த ரிக்வெஸ்ட்டா, இரண்டாவது விற்பனையா என்று சர்வரால் சொல்லவே முடியாது. அது அனுப்புகிறவருக்குத்தான் தெரியும்.

பழைய_டிபிஏ

பட்டனை டிஸேபிள் செய்வது இரண்டு முறை தட்டுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். பின்னலாடை சொன்ன கதையில் அந்த அம்மா ஒரு தடவைதான் அழுத்தினார், மறுபடி அனுப்பியது நெட்வொர்க் லைப்ரரி.

என் அனுபவம் சின்னது. கீ சரியாக வந்தது, கோடும் முதலில் `SELECT` செய்து பார்த்தது, இல்லையென்றால்தான் `INSERT`. அப்படியும் இரண்டு விழுந்தது. ஏனென்றால் ரீட்ரை வருவது முதல் ரிக்வெஸ்ட் முடிந்த பிறகு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். டைம்அவுட்டில் அப்படி இல்லை. 31வது விநாடியில் இரண்டாவது வரும்போது முதலாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, கமிட் ஆகவில்லை. `SELECT` எதைப் பார்க்கும்? போஸ்ட்கிரஸில் இதை மட்டும் செய்யுங்கள், இன்வாய்ஸ் போடும் அதே டிரான்ஸாக்‌ஷனில், முதல் வரியாக:

```sql
INSERT INTO idem_keys (tenant_id, key, body_hash)
VALUES ($1, $2, $3)
ON CONFLICT (tenant_id, key) DO NOTHING;
```

இரண்டாவது ரிக்வெஸ்ட் இந்த வரியிலேயே நின்றுவிடும், முதலாவது கமிட் ஆகும் வரை. ஆனதும் 0 வரிகள் என்று பதில் வரும். அப்போது சேமித்து வைத்த பழைய பதிலை எடுத்து அப்படியே திருப்பிக் கொடுங்கள். முதலாவது ரோல்பேக் ஆனால் இரண்டாவது தானே உள்ளே போய் இன்வாய்ஸைப் போட்டுவிடும், பாதியில் மாட்டிய கீ என்று ஒன்று மிஞ்சாது. நான் சொல்வது வழக்கமான `READ COMMITTED` நிலைக்கு. `REPEATABLE READ` வைத்திருந்தால் அந்த இடத்தில் எரர் வரும், முழு டிரான்ஸாக்‌ஷனையும் மறுபடி ஓட்ட வேண்டும். `body_hash` எதற்கென்றால், கீ அதே, உள்ளே தொகை வேறு என்று வந்தால் பழைய பதிலைக் கொடுக்கக் கூடாது, 422 கொடுக்க வேண்டும்.

ஆனால் போர்ட்டலைக் கூப்பிடுவதை இந்த டிரான்ஸாக்‌ஷனுக்குள் வைக்காதீர்கள் தம்பி. வைத்தால் போர்ட்டல் பதில் தரும் வரை இரண்டாவதும் நிற்கும், போர்ட்டல் இன்னும் மெதுவானால் அதுவும் டைம்அவுட், மூன்றாவது வரும். இன்வாய்ஸையும் எண்ணையும் கமிட் செய்துவிட்டு, ஐஆர்என் வாங்கும் வேலையைத் தனி வொர்க்கருக்குக் கொடுங்கள். அந்த வொர்க்கரும் ரீட்ரை செய்யும், பரவாயில்லை. எண் இப்போது மாறாது, அதனால் போர்ட்டலே 2150, டூப்ளிகேட் ஐஆர்என் என்று சொல்லி, முன்பு கொடுத்த ஐஆர்என்னையும் பதிலில் தரும். அதை எரராக எடுக்காமல் அந்த ஐஆர்என்னைச் சேமித்துக்கொள்ள வேண்டும்.

ரெயில்பெட்டி

எனக்கும் இன்வாய்ஸ் எண் பிரச்சினைதான். 204க்குப் பிறகு 206. ஆடிட்டர் 205 எங்கே என்று கேட்கிறார். இதே கீயைப் போட்டால் சரியாகுமா?

பழைய_டிபிஏ

அது வேறு. சீக்வென்ஸில் `nextval` எடுத்த எண் ரோல்பேக் ஆனாலும் திரும்ப வராது. தொடர் எண் வேண்டுமென்றால் கவுன்டருக்கு ஒரு வரி வைத்து, அதை அதே டிரான்ஸாக்‌ஷனில் `UPDATE` செய்யுங்கள். பில்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போகும், அந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

வெண்ணிலா_கோடு

நாங்கள் ரெடிஸில் `SET key 1 NX EX 30` போட்டோம். ஒரு நாள் பில் போட 41 விநாடி ஆனது. 30இல் பூட்டு தானாகத் திறந்தது, ரீட்ரை உள்ளே புகுந்தது. லாக்கில் அந்த 11 விநாடி இடைவெளியை நான் கண்டுபிடித்தபோது மணி காலை நாலு. இன்னொரு நாள் பூட்டு விழுந்ததும் பாட் செத்துப்போய், பில்லே இல்லாமல் கஸ்டமருக்கு "ஏற்கெனவே போட்டாயிற்று" என்று பதில் போனது. அது இதைவிட மோசம். பூட்டு ஒரு இடத்தில், பில் வேறு இடத்தில் என்று இருக்கும் வரை இது தீராது என்று முடிவு செய்து டேபிளுக்கே வந்துவிட்டோம்.

செவ்வந்தி

டிபிஏ சார், ஒரு சந்தேகம். கீயை எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? பல இடங்களில் 24 மணி நேரம் என்கிறார்கள். எங்கள் டெலிவரி பையன்கள் சிக்னல் இல்லாத ஊருக்குப் போய் இரண்டு நாள் கழித்துத்தான் சிங்க் செய்வார்கள்.

பழைய_டிபிஏ

அப்படியென்றால் தனி டேபிள் மட்டும் போதாது. இன்வாய்ஸ் வரியிலேயே கீயை ஒரு காலம்னாக வைத்து யுனிக் போடுங்கள், இன்வாய்ஸ் இருக்கும் வரை அதுவும் இருக்கும்.

பின்னலாடை

சார், அப்படியானால் தப்பான ஜிஎஸ்டிஐஎன் போட்டு 400 வந்த ரிக்வெஸ்ட்டின் கீயை என்ன செய்வது? அந்த அம்மா திருத்திவிட்டு அதே திரையில் மறுபடி சேவ் அழுத்துகிறார், கீ அதே, உள்ளடக்கம் வேறு, 422 வருகிறது. இப்போதைக்கு 400 வந்தால் ஆப் புதுக் கீ எடுத்துக்கொள்ளும்படி மாற்றியிருக்கிறேன்.

வெண்ணிலா_கோடு

நாங்கள் 400க்குக் கீயைச் சேமிப்பதே இல்லை. டிரான்ஸாக்‌ஷன் ரோல்பேக் ஆகும்போது கீயும் போய்விடுகிறது, அதே கீயோடு திருத்தி அனுப்பலாம். உங்கள் வழியில், அந்த 400க்கு முன்னால் டைம்அவுட்டான இன்னொரு முயற்சி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால்?

பின்னலாடை

அதை யோசிக்கவில்லை. நாளை ஸ்டேஜிங்கில் 40 விநாடி ஸ்லீப் போட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.