புதுப்பிப்பு: தானாகக் குறையும் சத்தம்

நான் கேட்டிருந்தது: "வால்யூம் பட்டனைத் தொடாமலே சத்தம் குறைஞ்சுட்டே போகுது. ரீஸ்டார்ட் பண்ணினா சேஃப் மோடுலதான் எழும்புது. சாஃப்ட்வேர் கோளாறா?"

இல்லைங்க, பட்டன்தான். சேஃப் மோடே துப்பு என்று ஒருவர் சொன்னது சரி. ஆண்ட்ராய்டு எழும்பும்போது வால்யூம் குறைக்கும் பட்டன் அழுந்தியிருந்தால், பல போன்கள் அதில்தான் திறக்கும்.

கவரைக் கழற்றச் சொன்னவர் பாதி சரி. கழற்றியதும் நின்றது, இரண்டே நாளில் திரும்ப வந்தது. கவரின் ரப்பர் மேடு அழுத்தியதில் உள்ளே போன பட்டனை, அடியிலிருந்த பிசுக்கு மேலே வரவிடவில்லை.

போனை அணைத்து, மெல்லிய பிரஷ் நுனியில் மட்டும் 99% ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, பட்டன் விளிம்பில் தடவி, முப்பது தடவை அழுத்தினேன். கறுப்பாகப் பஞ்சு வந்தது (பாக்கெட் புண்ணியம்). ஒரு மணி நேரம் காயவிட்டேன். இப்போது 'டிக்' கேட்கிறது.

தன் பவர் பட்டனே செத்துவிட்டது என்றவருக்கு: என் கேள்வி அதில்லை, இருந்தாலும் அமைப்புகளில் Accessibility Menu இருந்தால் போடுங்கள். திரையைப் பூட்டலாம், அணைக்கலாம். அணைந்த போனை எழுப்ப அது உதவாது.

என் வால்யூம் பட்டனின் மேல் ஓரத்தை மட்டும் இன்னும் இரண்டு முறை அழுத்த வேண்டியிருக்கிறது. உள் சுவிட்சே தேய்ந்ததா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.