உதவி: கொக்கிக் கயிற்றில் தொங்கும் கதாபாத்திரம் ரப்பர் போல இழுபட்டுக் கீழே இறங்குகிறது

கேட்டவர்: கொக்கியை எறிந்து ஊஞ்சலாடும் விளையாட்டு ஒன்றுக்காக, தூரக் கட்டுப்பாடுகளால் இணைந்த 40 துகள்களைக் கொண்டு கயிற்றை அமைத்திருக்கிறேன். ஒவ்வொரு துகளின் நிறை 0.1 கிலோ, கடைசித் துகளில் கட்டப்பட்ட பாத்திரத்தின் நிறை 80 கிலோ. விநாடிக்கு 60 படிகள், படிக்கு 20 சுற்றுகள் ஓடுகின்றன. வெறும் கயிறு ஒழுங்காக ஆடுகிறது. பாத்திரத்தை மாட்டியதும் மிகவும் நீண்டுவிடுகிறது.

முதல் மறுமொழி: சுற்றுகளை 100 ஆக்கிப் பாருங்கள், கயிறு விறைப்பாகிவிடும்.

இரண்டாம் மறுமொழி: நீட்சி குறையும் என்பது சரி, ஆனால் காரணம் நிறை விகிதத்தில் இருக்கிறது. திருத்தம் நிறையின் தலைகீழ் மதிப்புப்படி பங்கிடப்படுவதால், கடைசி இணைப்பில் துகளின் பங்கு 10, பாத்திரத்தின் பங்கு 0.0125, அதாவது ஒரு சுற்றில் பாத்திரம் திருத்தத்தில் ஏறக்குறைய 0.12 சதவீதம் மட்டுமே மேலே நகர, மீதி முழுவதையும் துகளே கீழிறங்கி ஈடுகட்டுகிறது. அசையாமல் தொங்கவிட்டு, சுற்றுகளை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்: நீட்சி தெளிவாகக் குறைந்தால் இதுதான் காரணம்; குறையாவிட்டால் வேகத்தை எங்கே கணக்கிடுகிறீர்கள் என்று தேட வேண்டும்.

பாத்திரத்தைத் தாங்கும் வேலையைத் துகள்களிடம் கொடுக்காமல், கொக்கிக்கும் பாத்திரத்துக்கும் நேரடியாக ஒரே ஒரு உச்சத் தூர வரம்பை வைப்பதே என் வழக்கம். துகள்கள் கண்ணுக்குத் தெரியும் கயிற்றுக்காக மட்டும் இருக்கட்டும். அவற்றின் இரு முனைகளையும் கொக்கியோடும் பாத்திரத்தோடும் பிணைத்து, கட்டுப்பாடுகளால் நகராதவையாக வைத்துவிடுங்கள்.

```
d = p - hook
if length(d) > L:
    p = hook + d * (L / length(d))
v = (p - p_prev) / dt
```

கடைசி வரியை விட்டுவிட்டால் வெளிநோக்கிய வேகம் அழியாமல் சேர்ந்துகொண்டே போகும்.

மூன்றாம் மறுமொழி: எனக்கும் இதே சிக்கல்தான்: ஃபிரேமை 20 துணைப்படிகளாகப் பிரித்ததும் பாத்திரத்தின் மேலங்கி பலகைபோல விறைத்துவிட்டது.

இரண்டாம் மறுமொழி: அது இதற்கு நேர்மாறான சிக்கல். எக்ஸ்.பி.பி.டி. முறையில் நெகிழ்வு மதிப்பைத் துணைப்படி நேரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். நீங்கள் இன்னும் ஃபிரேம் நேரத்தாலேயே வகுத்தால் 400 மடங்கு சிறிய எண் கிடைத்துத் துணி விறைக்கும்.

கேட்டவர்: நேரடி வரம்பு வைத்ததும் நீட்சி போய்விட்டது. ஆனால் ஒவ்வொரு ஊஞ்சலாட்டத்திலும் எட்டும் உயரம் சிறிது குறைகிறது. சுவரின் விளிம்பில் கயிறு மடங்கும்போது, வரம்பு சுவரை ஊடுருவி நேர்க்கோட்டிலேயே அளக்கிறது.

இரண்டாம் மறுமொழி: உயரம் குறைவது இம்முறையோடு வரும் ஆற்றல் இழப்பு. பாத்திரத்தின் கணக்கையும் துணைப்படிகளில் ஓட்டினால் அது பெரிதும் குறையும், முற்றிலும் மறையாது. விளிம்புக்கு, மடங்கிய புள்ளியைப் புதிய கொக்கியாகக் கொண்டு, ஏற்கெனவே சுற்றிய நீளத்தை `L`-இலிருந்து கழியுங்கள். சுவர் நகர்வதாக இருந்தால் அந்தப் புள்ளியை எப்போது விடுவிப்பது என்பதற்கு நான் இன்னும் நல்ல வழி காணவில்லை. என் விளையாட்டில் அது ஒட்டுவதும் விடுவதுமாகத் துடிக்கிறது.

முதல் மறுமொழி: நகரும் சுவர்களில் கொக்கி மாட்டாதபடி செய்துவிட்டேன் நான்.