பொருள்: ஆத்துக்கிணறு மோட்டார் வசூல் (மறுபடியும்)

முருகேசன், சிங்கப்பூர்
உறவுகளுக்கு வணக்கம். பொங்கலுக்கு ஊருக்குப் போன என் மச்சான் பார்த்துவிட்டு வந்தான். ஒண்ணே முக்கால் மணி நேரத்தில் நிரம்பிய 30,000 லிட்டர் தொட்டிக்கு இப்போ 2 மணி 23 நிமிடம் ஆகிறதாம். 5 எச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு 10 எச்.பி. போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். வீட்டுக்கு 10,000 ரூபாய்.

கந்தசாமி, லண்டன்
போன தடவை கோயில் மண்டபத்துக்கு வாங்கியதில் மீதி என்ன ஆச்சு? அது வராமல் ஒரு பைசா கிடையாது.

தவமணி, மஸ்கட்
பக்கத்து ஊர்க்காரன் 10 எச்.பி. ஓட்டுகிறான். நாம் 5-லேயே கிடக்க வேண்டுமா? அவமானமாக இருக்கிறது.

செல்வி, தோஹா
சித்தப்பா, அவர்களுக்குக் குழாய் 600 மீட்டர். நமக்கு 4 கிலோமீட்டர். மோட்டாருக்குப் பக்கத்தில் இருக்கிற பிரஷர் மீட்டரை முருகேசன் அண்ணன் மச்சான் படம் எடுத்திருக்கிறார், முள் 6.1 கிலோவில் நிற்கிறது. அதாவது 61 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் அழுத்தம். தொட்டி வாய் அந்த மீட்டரிலிருந்து 22 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. மிச்சம் 39 மீட்டரைக் குழாயின் உராய்வு தின்கிறது. மேட்டுக்கு ஏற்றுவதைவிட, வழியில் உரசிப் போவதற்கே மோட்டார் அதிகம் உழைக்கிறது.

பிரகாஷ், மெல்பர்ன்
அக்கா, காலேஜில் படித்ததுதான், ஹேசன்-வில்லியம்ஸ்:

```
h = 10.67 × L × Q^1.852 / (C^1.852 × d^4.87)
```

h உராய்வு தின்னும் உயரம், L குழாய் நீளம், d உள்விட்டம், மூன்றும் மீட்டரில். Q தண்ணீர் ஓட்டம், விநாடிக்கு கன மீட்டரில். C குழாயின் உள்பக்க வழவழப்பைச் சொல்லும் எண், குறைந்தால் சொரசொரப்பு அதிகம். பழைய காஸ்ட் அயர்னுக்கு அட்டவணையில் C 100. 100 மி.மீ. குழாய், தொட்டி இப்போ நிரம்பும் நேரப்படி விநாடிக்கு 3.5 லிட்டர் என்று போட்டால் சுமார் 18 மீட்டர்தான் வருகிறது. மீட்டர் பொய் சொல்கிறது, அதை மாற்றுங்கள். எங்கள் வீட்டு ஷவரிலும் பிரஷர் குறைவுதான், தலையில் அடைப்பு எடுத்ததும் சரியாச்சு.

செல்வி, தோஹா
கணக்கு சரி தம்பி, முடிவு அவசரம். மீட்டரையும் ஒருமுறை சரிபார்க்கலாம், ஆனால் 100 என்பது ஊர் ஊராகப் பார்த்து எடுத்த சராசரி. நம் குழாய் எண்பதுகளில் போட்டது. 39 மீட்டரை h இடத்தில் வைத்துத் திருப்பிப் போட்டால் C சுமார் 65. உள்ளே துரு முடிச்சுகள் வளர்ந்து, 100 மி.மீ. என்று பெயருக்குத்தான் இருக்கும். சுருங்கிய வாயையும் சொரசொரப்பையும் சேர்த்தே இந்த 65 சொல்கிறது.

இப்போ 10 எச்.பி. மோட்டாரைப் பாருங்கள். தண்ணீர் கூடக் கூட உராய்வு அதைவிட வேகமாக ஏறும். சக்தியை இரட்டிப்பாக்கினால் 3.5 லிட்டர் சுமார் 4.7 ஆகும், அவ்வளவுதான். மோட்டார்ப் பக்கம் அழுத்தம் 9 கிலோவைத் தொடும். அந்த ஈய ஜாயிண்டுகள் தாங்குமா? புதிதாக 110 மி.மீ. பி.வி.சி. போட்டால், உள்ளே 102, C 140 என்று வைத்து, 5 லிட்டருக்கே உராய்வு 17 மீட்டர்தான். ஏற்றம் 22-ஐயும் சேர்த்தால் மொத்தம் 39. வால்வு, வளைவுக்குக் கொஞ்சம் கூட்டினாலும் இப்போதைய மோட்டார் சக்தியே போதும். பம்பை மட்டும் அந்த அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

கந்தசாமி, லண்டன்
90 மி.மீ. போட்டால் மலிவுதானே? 20 மி.மீ.தான் வித்தியாசம்.

செல்வி, தோஹா
உள்ளே 84 தான் வரும் மாமா. அதே 5 லிட்டருக்கு உராய்வு 43 மீட்டர் ஆகிவிடும். ஏற்றத்தையும் சேர்த்தால் 65, 6 கிலோ குழாயின் தாங்கும் எல்லையைத் தாண்டும். விட்டத்தில் மிச்சம் பிடிப்பது கரண்டு பில்லில் போகும்.

ஆனால் குழாயையும் உடனே வாங்காதீர்கள். கிணற்றுப் பக்கமும் தண்ணீர் அளவை எடுக்கணும், இல்லையென்றால் வழியில் கசிவு இருப்பது தெரியாது. நடுவில் ஏர் வால்வு இருக்கிற இடத்தில் ஒரு பிரஷர் மீட்டர் வைத்துப் பார்க்கணும். நில உயரத்தைக் கழித்தபின் 19, 20 மீட்டர் குறைந்திருந்தால் குழாய் முழுக்கச் சொரசொரப்பு. ஒரே பக்கத்தில் பெரும்பகுதி போனால் அங்கே ஏதோ வால்வு பாதி மூடியிருக்கலாம். C எண் அதைப் பிரித்துச் சொல்லாது.

தவமணி, மஸ்கட்
குளத்தடி வால்வை யார் பாதி மூடினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். 1998-ல் என் அப்பாவைத் தண்ணி திருடன் என்றவர்கள் இன்றைக்குப் பேசட்டும்.

முருகேசன், சிங்கப்பூர்
சித்தப்பா, அது வேற கதை. குளத்தடியில் நாம் குளிச்ச நாளை நினைச்சால்தான் நெஞ்சு இளகுது. செல்வி, மீட்டரை ஊரில் யார் கையில் கொடுப்பது? மச்சான் மார்ச்சில்தான் திரும்பப் போகிறான். அதுவரை வசூலை நிறுத்தி வைக்கிறேன்.

கந்தசாமி, லண்டன்
நிறுத்தினால் போதாது. மண்டபக் கணக்கு.