ஹேக்சில்வருக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?

கதிர்:
எல்லாருக்கும் வணக்கம். வைக்கிங்குகளப் பத்தி ஒரு நீளமான கட்டுரை எழுதிட்டு இருக்கேன், அதுல இங்கிலாந்துல ட்ரென்ட் ஆத்தங்கரைல இருக்கற டார்க்சிங்கற ஊர் வருது. 872-873 குளிர்காலத்துல அவங்க பெரும்படை அங்கதான் தங்குச்சு. அந்த வயல்கள்ல மெட்டல் டிடெக்டர் வச்சு தேடினப்போ அரபு வெள்ளிக்காசு துண்டு மட்டுமே நூத்துக்கும் மேல கிடைச்சிருக்கு, கூடவே வெட்டுன வெள்ளிக்கட்டி, காப்புத் துண்டு, எடைக்கல் எல்லாம். இந்த வெட்டுன வெள்ளியத்தான் ஹேக்சில்வர்னு சொல்றாங்க. நான் இப்போதைக்கு 'துண்டு வெள்ளி'ன்னு போட்டிருக்கேன், ஆனா படிச்சா தோள்ல போடற துண்டு ஞாபகம் வருது. வேற நல்ல சொல் இருந்தா சொல்லுங்க.

பிரவீன்:
ஹேக்குக்கு தான் ஏற்கெனவே 'கொந்து'ன்னு இருக்கே ப்ரோ, ஹேக்கர்னா கொந்தர். அப்ப 'கொந்து வெள்ளி'. இது டிஜிட்டல் காசு ஏதாவதா? திருட்டுப்போன கிரிப்டோ மாதிரி?

ரஃபீக்:
தம்பி, அது வேற ஹேக். இங்க வெட்டுறதுதான் அர்த்தம்.
கதிர், என் கருத்து, 'பங்கு வெள்ளி'ன்னு வைக்கலாம். கொள்ளையடிச்சத ஆளாளுக்குப் பங்கு போடத்தானே வெட்டுனாங்க, மடத்துல எடுத்த பாத்திரம், சிலுவை எல்லாம் நறுக்கி ஆளுக்கு இவ்ளோன்னு. சொல்லப் பாத்தாலே கதை புரியணும்ல.

சண்முகம்:
ரஃபீக் சொல்றது பாதி சரி. கோயில் சாமான வெட்டுனது உண்டு, பங்கு போட்டதும் உண்டு. ஆனா கதிர் சொன்ன அரபு திர்ஹம் காசு எந்த ஆங்கிலேய மடத்துலயும் கொள்ளையடிச்சதா இருக்க முடியாது. அது பாரசீகம், மத்திய ஆசியா பக்கம் அடிச்ச காசு, வோல்கா ஆத்து வழியா ரஷ்யக் காட்டுக்குள்ள வந்து, லடோகா மாதிரி சந்தை ஊர்கள்ல கை மாறி, பால்டிக் கடல் தாண்டி டென்மார்க், அங்கேருந்து ட்ரென்ட் ஆறுன்னு வந்திருக்கு. அதுக்குப் பதிலா அந்தப் பக்கம் போனது மென்மயிரும் அடிமைகளும். அதனால அதைக் கொள்ளைப் பங்குன்னு பேரு வச்சா பாதி உண்மை மறைஞ்சிரும். ஆனா கொள்ளையும் வியாபாரமும் தனித்தனியா இருந்துச்சுன்னும் நினைக்காதீங்க. 871ல அயர்லாந்து அல்ஸ்டர் ஆண்டுக்குறிப்புல இருக்கு, வைக்கிங் தலைவருங்க ஓலாஃபும் ஈவாரும் ஸ்காட்லாந்துலேருந்து 200 கப்பலோட டப்ளின் திரும்புறாங்க, கூட பெருங்கூட்டமா சிறைபிடிச்ச ஆளுங்க. அந்த மனுஷங்கதான் சரக்கு. பிடிக்கறது கொள்ளை, விக்கறது வியாபாரம், ரெண்டையும் செய்யறது அதே ஆளு.

இப்ப வெட்டுறது எதுக்குன்னு பாருங்க. அவங்களுக்கு காசுல யார் முகம் இருக்குன்றது முக்கியமில்ல, எடைதான் முக்கியம். எய்ரிர்னு ஒரு அளவு, கிட்டத்தட்ட 27 கிராம். அதுல மூணுல ஒரு பங்கு ஏர்டுக், சுமார் 9 கிராம். ஒரு முழு திர்ஹம் ஏறக்குறைய 3 கிராம், அப்ப மூணு முழுக்காசு போட்டா ஒரு ஏர்டுக் தட்டு நேரா நிக்கும். கொஞ்சம் குறைஞ்சா காப்புலேருந்து ஒரு நறுக்கு வெட்டிப் போடுவான், கூடினா காசையே ரெண்டா வெட்டுவான். இந்த வெள்ளிக்கு வேலை தராசுலதான். அதனால் பங்குன்றத விட வெட்டுதான் சரி.

மலர்விழி:
ஐயா, எங்க வீட்டுல இது பழகின விஷயம். அப்பா வெள்ளி வேலை செய்வாங்க, பழைய கொலுச கொண்டுவந்தா வெட்டி உள்ள பாக்காம வாங்க மாட்டாங்க, சில நேரம் வெளில வெள்ளி, உள்ள செம்பு. அப்பா சொல்றது 'வெட்டு வெள்ளி', பேச்சுல வர்ற வார்த்தைதான். கட்டுரைக்கு ஒத்துவருமான்னு தெரியல, ஆனா எனக்கு அதுதான் தோணுது. அந்த ஆளுங்களும் வெள்ளியா இல்லையான்னு எப்படிப் பாத்தாங்க?

சண்முகம்:
நல்ல கேள்விம்மா. கத்தி முனைய வச்சு விளிம்புல லேசா குத்துவாங்க, சில நேரம் வளைச்சும் பாப்பாங்க. வெள்ளி மெதுவா இருக்கும், முனை இறங்கும். செம்பு உள்ள இருந்தா நிறம் காட்டிக்கொடுத்துரும். அந்தக் காலத்துக் கட்டி, காசு பாத்தா இந்தக் குத்தல் வரிசையா தெரியும். ஒரு துண்டுல நிறைய இருந்தா பல கை மாறியிருக்கு, ஒண்ணுமே இல்லன்னா புதுசா வந்ததா இருக்கலாம், ஆனா இத வச்சு மட்டும் கணக்குப் போட முடியாது, ஒருத்தனே நம்பாம நாலு தடவ குத்திப் பாத்திருப்பான்.

எடைக்கல்லுலயும் நம்பிக்கைக் குறைதான் தெரியுது. டார்க்சில கிடைச்ச சில ஈய எடைக்கல்லு மேல அயர்லாந்து வேலைப்பாட்டு உலோகத்துண்டு வச்சு அடிச்சிருக்காங்க. ஒவ்வொருத்தனும் தன் கல்ல அடையாளம் காணவும், யாரும் செதுக்கி எடையக் குறைச்சா கண்டுபிடிக்கவும் அது உதவும். நான் படிச்சதுலயே எனக்கு மனசுல நின்னது அதுதான், ஏதோ ஒரு மடத்து அலங்காரத்த வெட்டி எடைக்கல்லுக்கு மூடியா போட்டிருக்கான்.

கதிர்:
ஐயா, அப்ப பிரவீன் தெரியாம சொன்ன 'கொந்து' இங்க பொருந்துதே! கிளி கொந்துன கொய்யான்னு சொல்றோம்ல, கூர்முனையால குத்திப் பாக்கறது. வெள்ளிக்கு வெட்டுவெள்ளி, அந்தத் தழும்புக்கு கொந்தல்னு வச்சுக்கலாமா?

பிரவீன்:
ஓ, அப்ப நான் சொன்னது வேற இடத்துல சரியா வந்திருச்சு, சந்தோஷம் 🙂

ரஃபீக்:
வெட்டுவெள்ளி ஓகே. ஆனா பாதியா வெட்டுன காசையும் அப்ப 'வெட்டுக்காசு'ன்னு சேத்துக்கலாமா, ரெண்டும் ஒண்ணுதானே?

சண்முகம்:
இல்ல, இத மட்டும் பிரிச்சு வச்சுக்கணும். பின்னாடி இங்கிலாந்துல பென்னிய நடுவுல நேரா வெட்டி அரைப்பென்னியா செலவழிச்சாங்க. அது எண்ணிக் குடுக்கற காசு, தராசு வேண்டாம். வெட்டுக்காசுன்னு அதுக்கு வைங்க. கோணல்மாணலா, அளவே இல்லாம வெட்டியிருந்தா அது வெட்டுவெள்ளி. முகம் பாத்து வெட்டுனதா, எடை பாத்து வெட்டுனதான்னு விளிம்புலயே பெரும்பாலும் தெரியும்.

இதுல குடியேறினதும் சேருது. டார்க்சிலேருந்து 873ல ரெப்டன் போயி, 874ல படை ரெண்டா பிரிஞ்சு, 876ல படைத்தலைவன் ஹால்ஃப்டன் வட இங்கிலாந்து நார்த்தம்ப்ரியா நிலத்தப் பங்கு போட்டுக் குடுத்துட்டான், ஆளுங்க உழுது சாப்பிட ஆரம்பிச்சாங்கன்னு ஆங்கிலோ-சாக்சன் குறிப்பே சொல்லுது. மூணு வருஷம் முன்னாடி தராசு தூக்கிட்டு ஆத்தங்கரைல உக்காந்தவனே இங்க ஏர் புடிக்கறான். பிறகு கிழக்கு ஆங்கிலியால இவங்க ஆளுங்களே செயின்ட் எட்மண்ட் பேர்ல காசு அடிச்சாங்க, அதே எட்மண்ட் ராஜாவ 869ல கொன்னது இவங்க படைதான். ஆனா வெட்டுவெள்ளி உடனே நின்னுரல. லங்காஷயர்ல ரிபிள் ஆத்துக்கரைல கிடைச்ச க்வர்டேல் புதையல் 900க்குக் கொஞ்சம் பின்னாடி புதைச்சது, 40 கிலோ வெள்ளி, காசும் வெட்டுவெள்ளியும் கலந்துதான்.

மலர்விழி:
கொந்தல் எனக்கு ஒத்து வரல கதிர், எங்கப்பாட்ட கேட்டேன், கிளி கொத்துறதுன்னுதான் சொல்றாரு, கொந்துறதுன்னா புரியலங்கறாரு. 'குத்துத் தழும்பு'ன்னு வச்சா எல்லாருக்கும் புரியும்.

கதிர்:
எங்க ஊர்ல கொந்துறதுதான். சரி, கட்டுரைல வெட்டுவெள்ளி, வெட்டுக்காசு ரெண்டும் போட்டுட்டேன். தழும்புக்கு ரெண்டையும் எழுதி வைக்கறேன், வேற யாராச்சும் ஊர்ல என்ன சொல்றாங்கன்னு சொல்லுங்க.