கட்டம் கட்டமாக வரும் வீட்டுக் கடன்: கைப்பணம் முதலிலா, கடைசியிலா?

மேட்டுமனை:
மனை என் பெயரில் இருக்கிறது, வில்லங்கம் எதுவும் இல்லை. வீடு கட்டக் கடன் அனுமதியாகிவிட்டது. மதிப்பீட்டில் 80 சதவீதம் வங்கி தரும், 20 நான் போட வேண்டும். வேலை முடிய முடியத்தான் வங்கி பணம் விடுமாம். கான்ட்ராக்டரோ ஒவ்வொரு வேலையும் தொடங்கும் முன்பே கேட்கிறார். என்னுடைய 20-ஐ முதலிலேயே போட்டுவிடவா, கடைசி வேலைகளுக்கு வைத்துக்கொள்ளவா?

கூட்டல்கழித்தல்:
முதலில் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம். வங்கி விடுவித்த தொகைக்கு மட்டும்தான் வட்டி ஓடும். பேஸ்மட்டம் வரை கைக்காசில் முடித்தால் கடன் அத்தனை மாதம் தள்ளிப்போகும், வட்டி மிச்சம். கையில் பணத்தை வைத்துக்கொண்டு கடனுக்கு வட்டி கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது.

தாழ்வாரம்:
இந்தக் கணக்கை நம்பித்தான் எங்கள் வீடு பாதியில் நின்றது. கைப்பணம் முழுவதும் அஸ்திவாரத்திலேயே போய்விட்டது. கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் வரை சுவர் எழுப்பி, கூரை கான்கிரீட்டைத் தாங்கச் சென்டரிங் பலகை அடித்து, கம்பியும் கட்டியாயிற்று. கான்கிரீட் போடப் பணம் இல்லை. வங்கி அனுப்பிய என்ஜினியர் ஏணியில் ஏறிப் பார்த்தார், நாலு பக்கமும் படம் எடுத்தார், "லிண்டல் முடிந்தது, கூரை வேலை நடக்கிறது" என்று எழுதிக் கொடுத்தார். லிண்டலுக்கான பணம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று, கூரை போட்ட பிறகு வாருங்கள் என்று கிளையில் சொல்லிவிட்டார்கள். போடுவதற்குத்தானே பணம் கேட்கிறோம்! சென்டரிங் வாடகை ஓடியது, மழையில் பலகை வளைந்தது, கட்டிய கம்பியில் துரு ஏறியது. பிறகு தெரிந்தவர்களிடம் கைமாற்று வாங்கித்தான் கூரை போட்டோம். கைப்பணத்தை வைத்துக்கொள்ளுங்கள். வட்டி கொஞ்சம் கூடினால் கூடட்டும்.

நாலாம்தளம்:
இதில் நீங்கள் ஏன் பணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்? நான் ஃபிளாட் வாங்கியபோது வங்கியே பில்டருக்கு நேராகக் கட்டிவிட்டது. நான் ஒரு முறை கையெழுத்துப் போட்டதோடு சரி. உங்கள் கான்ட்ராக்டரையும் வங்கியையும் நேரில் பேச வைத்துவிடுங்கள்.

அளவுநாடா:
நாலாம்தளம், அது வேறு கடன். அங்கே வங்கிக்குத் தெரிந்த பில்டர் இருக்கிறார், அவருக்கும் வாங்குபவருக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. சொந்த மனையில் கட்டும்போது வங்கியைப் பொறுத்தவரை கட்டுபவர் மேட்டுமனைதான். கான்ட்ராக்டரோடு என்ன பேசியிருக்கிறார் என்பது வங்கிக்கு ஒரு பொருட்டே இல்லை.

வங்கிகளுக்காக இப்படிப்பட்ட வீடுகளை அளந்து எழுதிக் கொடுப்பது பல வருடங்களாக என் தொழில். நான் பார்ப்பது நின்றுகொண்டிருக்கும் வேலையை. நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்பது என் படிவத்தில் வராது. மனையில் இறக்கி வைத்த கம்பியும் செங்கல்லும் பெரும்பாலும் கணக்கில் ஏறாது. சதவீதம் என்பது அனுமதித்த மதிப்பீட்டின் சதவீதம். மண் சரியில்லை என்று அஸ்திவாரத்தை ஆழமாகத் தோண்டி இரண்டு மடங்கு செலவு செய்தாலும் 'பேஸ்மட்டம் முடிந்தது' என்று அதே எண்தான் போடுவோம். தாழ்வாரம் வீட்டில் கைப்பணம் அஸ்திவாரத்திலேயே தீர்ந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கட்டிய கம்பியைப் பார்த்தும் 'லிண்டல்' என்று எழுதியவர் மேல் தவறில்லை. அவர் கையில் இருந்த பட்டியலில் லிண்டலுக்கு அடுத்த வரி 'கூரை கான்கிரீட் முடிந்தது' என்பதுதான்.

மேட்டுமனை, கான்ட்ராக்டர் எந்தெந்தக் கட்டத்தில் எவ்வளவு கேட்கிறார், வங்கியின் பட்டியல் என்ன, இரண்டையும் போடுங்கள். அதைப் பார்க்காமல் முதலிலா கடைசியிலா என்று சொல்ல முடியாது.

மேட்டுமனை:
மொத்தம் 100 என்று வைத்துச் சொல்கிறேன். கான்ட்ராக்டருக்கு ஒப்பந்தத்தின்போது 10, பேஸ்மட்டத்துக்கு முன் 20, சுவருக்கு முன் 20, கூரைக்கு முன் 25, பூச்சுக்கு முன் 15, கடைசியில் 10. வங்கிப் பட்டியலில் அதுவரை முடிந்த மொத்த வேலையின் கணக்கு இருக்கிறது: பேஸ்மட்டம் முடிந்தால் 20, லிண்டல் முடிந்தால் 40, கூரை முடிந்தால் 60, பூச்சு முடிந்தால் 80, எல்லாம் முடிந்தால் 100.

அளவுநாடா:
கூரைக்கு முந்தைய நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை கான்ட்ராக்டர் கேட்பது 10, 20, 20, 25, ஆக 75. நின்றுகொண்டிருக்கும் வேலை 40. இந்த இடத்தில் வங்கி எவ்வளவு விட்டிருக்கும் என்பது உங்கள் அனுமதிக் கடிதத்தில் இருக்கும் ஒரு வாக்கியத்தைப் பொறுத்தது.

'கடன்தாரர் தன் பங்கை முழுவதும் செலவிட்ட பிறகே விடுவிக்கப்படும்' என்று இருந்தால், 40-இல் உங்கள் 20 போக வங்கி 20 தந்திருக்கும். கான்ட்ராக்டரின் 75-க்கு 35 குறைகிறது. உங்கள் கைப்பணமும் அதற்குள் தீர்ந்திருக்கும். 'விகிதப்படி விடுவிக்கப்படும்' என்று இருந்தால், 40-இல் 80 சதவீதமாக 32 வந்திருக்கும். உங்கள் 20-ஐயும் சேர்த்தால் 52. அப்போதும் 23 குறைகிறது. முதலில் போட்டாலும் கடைசியில் போட்டாலும் இந்தக் கான்ட்ராக்ட்டில் வீடு லிண்டலைத் தாண்டாது. மாற்ற வேண்டியது கான்ட்ராக்டரின் கட்டங்களை.

செங்கல்:
நான் கட்டிக் கொடுக்கிறவன், என் பக்கத்தையும் கேளுங்கள். முன்பணம் கேட்பது பேராசையால் இல்லை. கம்பியும் சிமெண்டும் கைமேல் காசு கொடுத்தால்தான் வரும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வாரக் கடைசியில் கூலி எண்ணி வைக்க வேண்டும். 'லிண்டல் முடிந்ததும் தருகிறேன்' என்றால் அத்தனை வாரமும் வீட்டுக்காரருக்கு நான் வட்டியில்லாக் கடன் கொடுப்பதாகத்தான் அர்த்தம். அப்படிக் கட்டச் சொன்னால் விலையில் அதை ஏற்றித்தான் சொல்வேன், யாராக இருந்தாலும் ஏற்றுவார்கள். ஏற்றாமல் ஒப்புக்கொள்பவர் அடுத்த வீட்டு முன்பணத்தில் உங்கள் வீட்டைக் கட்டுபவர். அந்த அடுத்த வீடு வராத மாதம் உங்கள் வீட்டில் ஆள் இருக்காது.

அளவுநாடா:
நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூரைக்கு 25 எதற்கு? வங்கிப் பட்டியலில் அந்த வேலையின் மதிப்பு 20. அதற்கு முன்பே 50 வாங்கி 40-க்கு வேலை முடித்திருக்கிறீர்கள், 10 உங்களிடம் இருக்கிறது. அதற்கு மேல் 25 கேட்டால் கூரைக்கு வேண்டியதைவிட 15 கூடுதல்.

செங்கல்:
நான் கேட்கவில்லை, அவருடைய கான்ட்ராக்டர் கேட்கிறார். ஆனால் காரணம் எனக்குத் தெரியும். பூச்சு வேலைக்கு வரும்போது வீட்டுக்காரர் கையில் பணம் இருக்காது. கடைசித் தவணையை முழுதாக வாங்கிய கான்ட்ராக்டர்கள் குறைவு. அதனால்தான் முன்னாலேயே கொஞ்சம் அதிகம் வாங்கி வைப்போம். இந்தப் பயத்துக்கு வங்கியும் ஒரு காரணம். கடைசிப் பங்குக்கு முடிவுச் சான்று, வரி ரசீது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு இழுத்தடிப்பார்கள்.

கூட்டல்கழித்தல்:
சரி, 35 குறையும் என்கிறீர்கள். மதிப்பீட்டையே கூட்டிப் போட்டால் என்ன? 100-க்குப் பதில் 130 என்று எழுதி வாங்கினால் ஒவ்வொரு கட்டத்திலும் கூடுதலாக வருமே. அதோடு மனை சொந்தமாக இருக்கிறது. அதன் மதிப்பே அவர் பங்குதானே, எதற்கு 20 தனியாக?

அளவுநாடா:
மனையை அடமானமாக எடுத்துக்கொள்வதும் பங்காக எண்ணுவதும் வேறு வேறு. சில வங்கிகள் மனை மதிப்பைப் பங்கில் சேர்க்கின்றன. இங்கே 20 தனியாகக் கேட்டிருப்பதால் இந்த வங்கி சேர்க்கவில்லை என்பது தெளிவு. மதிப்பீட்டைக் கூட்டினால், பரப்பளவுக்கு இவ்வளவு என்று நாங்கள் தனியாக ஒரு கணக்குப் போடுவோம். இரண்டில் குறைந்ததைத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். 130-க்கு ஒத்துக்கொண்டாலும் அதில் 20 சதவீதம், அதாவது 26-ஐ அவர் காட்ட வேண்டும். கையில் இல்லாத 6-க்கு எங்கே போவார்?

தாழ்வாரம்:
எங்கள் தெருவிலேயே ஒருவர் கூட்டிப் போட்டு வாங்கினார், ஒன்றும் ஆகவில்லை. எல்லா இடத்திலும் இவ்வளவு கறாராகப் பார்க்கிறார்களா என்ன?

அளவுநாடா:
பார்க்காத இடமும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். நான் அந்த மதிப்பீட்டில் கையெழுத்துப் போடமாட்டேன், அவ்வளவுதான்.

மேட்டுமனை, வழி இதுதான். கான்ட்ராக்டரின் கட்டங்களை வங்கிப் பட்டியலோடு ஒட்டி எழுதுங்கள். அவருக்கும் கைமுதல் வேண்டும் என்பதால் கூரையின் 20-ஐ இரண்டாகப் பிரியுங்கள்: கம்பி கட்டி முடித்ததும் 10, கான்கிரீட் போட்டு வங்கிப் பணம் வந்ததும் 10. லிண்டல் முடிந்தபோது அவருக்கு 40 போயிருக்கும். அடுத்த 10 மட்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். விகிதப்படி விடும் வங்கியானால் 40-க்கு உங்கள் பங்கு 8 மட்டும் செலவாகி 12 மீதி இருக்கும், அதுவே போதும். முழுப் பங்கையும் முதலில் கேட்கும் வங்கியானால் உங்கள் 20-க்கு மேல் இன்னொரு 10 வேண்டும். அது இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

வட்டி மிச்சம் என்று கூட்டல்கழித்தல் சொன்னதும் உண்மைதான், ஆனால் கடிதத்தில் கட்டி முடிக்க ஒரு கெடு போட்டிருப்பார்கள். விடுவித்த தொகைக்கு வட்டி மட்டும் கட்டும் சலுகை பெரும்பாலும் அதுவரைதான். கெடு தாண்டினால் வீடு முடியாமலே முழுத் தவணை தொடங்கலாம், மீதித் தொகையை ரத்தும் செய்யலாம். கடனைத் தள்ளிப்போடுவதாக நினைத்து வேலையை இழுக்காதீர்கள்.

செங்கல்:
இதோடு ஒன்று. பணத்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று தெரிந்தால் சென்டரிங் அடிக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள். லிண்டல் மட்டத்தில் சுவர் சில மாதம் சும்மா நிற்கும், மேலே ஒரு வரி சிமெண்டு பூசி மூடினால் போதும். சென்டரிங் அடித்து நிறுத்தினால்தான் தாழ்வாரம் வீட்டில் நடந்தது நடக்கும். கான்கிரீட் போட்ட பிறகு வாடகையை மிச்சப்படுத்த முட்டுகளைச் சீக்கிரம் பிரிக்கவும் விடாதீர்கள், எந்தக் கான்ட்ராக்டர் கேட்டாலும்.

மேட்டுமனை:
கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். 'விகிதப்படி' என்றுதான் இருக்கிறது. ஆனால் முதல் தவணைக்கு முன் குறைந்தது 10 செலவு செய்ததற்கு ரசீது காட்ட வேண்டுமாம். கான்ட்ராக்டர் கூரையை இரண்டாகப் பிரிக்கச் சம்மதித்தார், கம்பியை மட்டும் நானே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்கிறார். அதற்கு ஒத்துக்கொள்ளலாமா?

செங்கல்:
ஒத்துக்கொள்ளலாம். ஆனால் எத்தனை கிலோ, எந்த விட்டம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் வெட்டித் துண்டாக வீணாகும் கம்பியும் உங்கள் கணக்கில் வரும்.

அளவுநாடா:
முதல் தவணைக்கு முன் வாங்கும் கம்பிக்கு ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும், அந்த 10-இல் அதையும் காட்டலாம். லிண்டலுக்கும் கூரைக்கும் நடுவில் 'கம்பி கட்டியது' என்று ஒரு வரி சேர்க்க முடியுமா என்று கிளையில் கேட்டுப் பாருங்கள். முதல் தவணை வாங்கும் முன்பே கேட்க வேண்டும், பணம் விட ஆரம்பித்த பிறகு பட்டியலைத் தொடமாட்டார்கள்.

கூட்டல்கழித்தல்:
விகிதப்படி என்றால் அந்த 10-க்கு மேல் முன்னால் போடத் தேவையில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீதி 10 கையில் சும்மா கிடக்கும் மாதங்களுக்கான வட்டியை யாரும் இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

தாழ்வாரம்:
சென்டரிங் வாடகையைவிடக் குறைவுதான்.