போனில் தட்டிய கவிதையில் ஒற்று தொலைத்த அனுபவங்கள்

முகில்வரி

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு பதினொன்றரைக்குப் படுத்துக்கொண்டே போனில் ஐந்து வரி தட்டி, ஒருமுறை படித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று நானே மெச்சிக்கொண்டு நண்பர்கள் குழுவில் அனுப்பிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் இருபது இதயம், ஒரே ஒரு கேள்வி: "இதை யார் தட்டச்சு செய்தது?" அனுப்பியதை அப்படியே போடுகிறேன், சிரிக்க அனுமதி உண்டு.

அந்த கதவை திறக்காத கை
இன்னும் உன்னைத் கேட்கிறது
மழை யில் நனைந்தக் கடிதம்
சொல்லி விட்டது எல்லாம்
நீ வர சொன்ன நாளின் மனம்

கடைசிச் சொல் 'மணம்'. அந்த நாளின் வாசம் என்றுதான் எழுத நினைத்தேன். கூத்து என்னவென்றால் "நாளின் மனம் என்ற படிமம் அபாரம்" என்று ஒருவர் பாராட்டி நாலு வரி எழுதியிருந்தார், அவரிடம் போய் அது பிழை என்று எப்படிச் சொல்வது? சரி, நீங்களெல்லாம் அனுப்பும் முன் எப்படிப் பார்க்கிறீர்கள், எங்கே மாட்டிக்கொண்டீர்கள், சொல்லுங்கள்.

பழைய மெய்ப்பாளன்

தம்பி, நான் பல வருடம் மெய்ப்புப் பார்த்தவன். உங்கள் கவிதையில் 'உன்னைத் கேட்கிறது' என்பதைப் பார்த்ததும் நடந்தது புரிந்துவிட்டது. முதலில் 'உன்னைத் தேடுகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள், பிறகு தேடுகிறதை அழித்துக் கேட்கிறது என்று மாற்றினீர்கள், த் மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது. சரிதானே? போனில் திருத்துகிறவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் பிழை இதுதான். தாளில் எழுதும்போது அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதுவதால் கண் இரண்டு சொல்லையும் பார்க்கும். போனில் ஒரு சொல்லைத் தொட்டு மாற்றும்போது முன்னால் இருக்கும் சொல்லை யாரும் பார்ப்பதில்லை.

என் வழக்கம் இது. அனுப்பும் முன் ஒரு சுற்று, கவிதையைக் கவிதையாகப் படிக்கவே மாட்டேன். க, ச, த, ப வரிசையில் தொடங்கும் சொற்களை மட்டும் விரலால் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் முந்தைய சொல் எப்படி முடிகிறது என்று பார்ப்பேன். உங்கள் ஐந்து வரியில் வரிக்கு நடுவே அப்படி ஆறே இடம்தான், அதில் ஐந்தில் தவறு இருக்கிறது. 'அந்தக் கதவை', 'கதவைத் திறக்காத', 'உன்னைக் கேட்கிறது', 'வரச் சொன்ன', இந்த நாலிலும் ஒற்று வர வேண்டும். 'நனைந்த கடிதம்' என்பதில் வரக்கூடாது, நீங்கள் போட்டிருக்கிறீர்கள். சரியாக இருக்கும் ஒரே இடம் 'திறக்காத கை', அதுவும் தற்செயலாக அமைந்தது என்றுதான் நினைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முகில்வரி

ஐயோ, தேடுகிறது என்றுதான் இருந்தது! எப்படிக் கண்டுபிடித்தீர்கள் ஐயா? தற்செயல் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடற்காற்று

இதில் இவ்வளவு குழப்பம் எதற்கு என்று தெரியவில்லை. முன் சொல் உயிர் ஒலியில் முடிந்து அடுத்த சொல் வல்லினத்தில் தொடங்கினால் ஒற்று மிகும், அவ்வளவுதான். நான் எல்லா இடத்திலும் போட்டுவிடுவேன், இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. 'நனைந்தக் கடிதம்' என்பதில் என்ன தப்பு? 'அந்தக் கதவு' சரி என்றால் அதுவும் சரிதானே, இரண்டும் த-வில்தான் முடிகிறது.

பழைய மெய்ப்பாளன்

நீங்கள் சொல்வது பாதி சரி, மீதிப் பாதியில்தான் ஆள் மாட்டுவார். 'அந்த' என்பது சுட்டு. 'நனைந்த' என்பது நனை என்ற வினையிலிருந்து வந்தது. இலக்கணப் பெயரெல்லாம் மறந்துபோனால் நான் சொல்லிக்கொடுக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு: அந்தச் சொல்லைக் காலம் மாற்றிப் பாருங்கள். நனைந்த கடிதம், நனைகிற கடிதம் என்று மாற முடிந்தால் ஒற்று போடாதீர்கள். 'அந்த' எந்தக் காலத்துக்கும் மாறாது, அதனால் 'அந்தக் கதவு'. எழுதிய கவிதை, வந்த பின், பார்த்த கண் எல்லாம் இப்படித்தான். 'திறக்காத கை' எதிர்மறை, அங்கேயும் மிகாது. ஆனால் கடைசி 'த' போய்த் 'திறவாக் கதவு' என்று சுருங்கினால் மிகும், கவிதையில் இது அடிக்கடி வரும் என்பதால் சொல்கிறேன்.

ஒற்றை விட்டவரைவிட எல்லா இடத்திலும் போடுகிறவரைத் திருத்துவதுதான் எனக்குக் கடினமாக இருந்திருக்கிறது. விட்டவருக்குத் தெரியாது என்பது தெரியும். போட்டவர் தனக்குத் தெரியும் என்று நம்புவார்.

கடற்காற்று

சரி சரி, என்னைத்தான் சொல்கிறீர்கள். காலம் மாற்றிப் பார்க்கும் கணக்கு பிடித்திருக்கிறது. போன மாதம் 'உடைந்தக் கண்ணாடி' என்று தலைப்பே வைத்தேன், இப்போது போய்ப் பார்த்தால் எரிகிறது.

வெண்பாப் பித்தன்

மரபில் எழுதினால் இந்த வம்பே இல்லை. ஒற்று விட்டால் தளை தட்டும், தானாகத் தெரிந்துவிடும்.

பழைய மெய்ப்பாளன்

அப்படிச் சொல்லிவிட முடியாதே. சீரின் கடைசியில் ஓர் ஒற்று கூடினாலும் குறைந்தாலும் அசை மாறாது. 'உன்னை' நேர் நேர், 'உன்னைத்' என்றாலும் அதேதான். தளை உங்களுக்கு மணி அடிக்காது. உகரம் கெட்டுச் சேரும் இடத்தில் வேண்டுமானால் அடிக்கும்: 'எனக்கு இல்லை' என்று பிரித்தால் இரண்டு சீர், புளிமா தேமா. 'எனக்கில்லை' என்று சேர்த்தால் ஒரே சீர், புளிமாங்காய். அதாவது பிரிப்பதையும் சேர்ப்பதையும் யாப்பு கவனிக்கும், வல்லின ஒற்றைப் பெரும்பாலும் நாம்தான் கவனிக்க வேண்டும்.

வெண்பாப் பித்தன்

உண்மைதான். என் பழைய வெண்பா ஒன்றை இப்போது எடுத்துப் பார்த்தேன், இரண்டாம் அடியில் ஒரு க் இல்லை. ஆறு வருடமாக இல்லை.

தூறல்

யாரும் 'மழை யில்' பற்றிப் பேசவில்லையே, எனக்கு அதுதான் தினப்படித் தொல்லை. மழை என்று பாதி தட்டியதும் கீபோர்டுக்கு மேலே சொல் வரும், அதைத் தொட்டால் சொல்லோடு ஓர் இடைவெளியும் சேர்ந்து விழும், அப்புறம் நாம் 'யில்' தட்டினால் அது தனியாக நிற்கும். இரவில் சின்ன எழுத்தில் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. நான் இப்போது கவிதையைக் குறிப்புச் செயலியில் ஒட்டி, எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல் மட்டும் தெரியும்படி வைத்துப் பார்க்கிறேன். தனியாக நிற்கும் 'யில்', 'க்கு', 'ஐ' எல்லாம் அப்போது அனாதை மாதிரி துருத்திக்கொண்டு தெரியும்.

இன்னொன்று, என் போனில் 'அந்தக்' என்பதில் ஒருமுறை அழித்தால் புள்ளி மட்டும் போய் 'அந்தக' என்று நிற்கிறது. அவசரத்தில் ஒற்றை எடுத்துவிட்டதாக நினைத்து அனுப்பிவிடுவேன்.

பனித்துளி

நான் எழுத்துப்பிழை திருத்தியில் போட்டுப் பார்த்துத்தான் அனுப்புவேன். ஆனால் மனம், மணம் இரண்டும் நல்ல சொல்தானே, திருத்தி வாயே திறக்காது. அலை, அழை, வலி, வழி, கரை, கறை எல்லாம் அதே கதை. இதற்கு நான் என்ன செய்கிறேன் என்றால் என் கைக்குப் பழக்கமான தடுமாற்றங்களை எழுதி வைத்திருக்கிறேன். ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குகிறவள் நான், அதனால் ன, ண இரண்டும் எனக்கு எப்போதும் இடறும். ண வர வேண்டிய சொற்களை மட்டும் ஒருமுறை தேடிப் பார்ப்பேன். சந்திக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி என்று தனித்தனியாகத் திருத்திகள் இணையத்தில் இருக்கின்றன, முதல் வடிகட்டலுக்கு உதவும். நான் எந்தப் பொருளில் எழுதினேன் என்பது எனக்குத்தானே தெரியும், கடைசிச் சுற்று என்னுடையது.

ஏட்டுச்சுவடி

என் கேள்வி கொஞ்சம் வேறு. 'ஔவை' என்று எழுதிய கவிதையைத் தேடினால் என் போனிலேயே கிடைக்கவில்லை. கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. போன் கெட்டுவிட்டதா?

தூறல்

போனுக்கு ஒன்றும் இல்லை. ஒ தட்டிப் பக்கத்தில் ள தட்டியிருப்பீர்கள், பார்வைக்கு ஔ மாதிரியே இருக்கும். அதன் பின்னால் சுட்டியை வைத்து ஒருமுறை அழித்துப் பாருங்கள், ஒ மட்டும் மிச்சம் நின்றால் அது இரண்டு எழுத்து. 'கௌ' என்பதற்குப் பதில் 'கெள' என்று தட்டுவதும் இப்படித்தான்.

ஏட்டுச்சுவடி

ஒ நிற்கிறது! மூன்று கவிதையில் இப்படி இருக்கிறது.

முகில்வரி

ஐயா, 'சொல்லி விட்டது' பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லையே?

பழைய மெய்ப்பாளன்

வேண்டுமென்றேதான் விட்டேன். சொல்லி முடித்தது என்ற பொருளில் 'விட்டது' துணைதான், அதனால் 'சொல்லிவிட்டது' என்று சேர்ப்பேன். பிரித்து அச்சிடுகிறவர்களும் உண்டு, பதிப்பகங்களுக்குள்ளேயே ஒத்த வழக்கம் இல்லை. ஆனால் 'கைவிட்டான்' என்பதையும் 'கை விட்டான்' என்பதையும் ஒன்றாக எண்ண முடியாது, அங்கே இடைவெளி பொருளையே மாற்றும். உங்கள் வரியில் சொல்லி, பிறகு எதையோ விட்டுவிட்டது என்ற நிழலும் வேண்டும் என்றால் பிரித்தே வையுங்கள். ஆனால் தெரிந்து பிரிக்க வேண்டும், கீபோர்டு பிரித்ததாக இருக்கக்கூடாது.

பனித்துளி

வரி உடைக்கும்போது என்ன செய்வீர்கள்? 'நீ வரச்' என்று ஒரு வரி, 'சொன்ன நாள்' என்று அடுத்த வரி. வரிக் கடைசியில் ச் தொங்குவது எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. அங்கே மூச்சு விடுகிறோம், பிறகு எதற்கு ஒற்று?

பழைய மெய்ப்பாளன்

நான் போடுவேன். வரி உடைந்தாலும் தொடர் உடையவில்லையே.

வெண்பாப் பித்தன்

நான் புதுக்கவிதை எழுதும்போது போடமாட்டேன். வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன், நிறுத்தாமல் படிக்கும்போது அடுத்த எழுத்து அழுந்தினால் ஒற்று, நிறுத்தினால் இல்லை.

பழைய மெய்ப்பாளன்

அந்தச் சோதனை வரிக்கு நடுவில் நன்றாக வேலை செய்யும், 'வரச் சொன்ன' என்பதில் காதே சொல்லிவிடும். நீங்கள் உருக்கமாக இழுத்து இழுத்துப் படிக்கிறவர் என்றால் எல்லா இடத்திலும் நிறுத்துவீர்கள், அப்புறம் கவிதையில் ஓர் ஒற்றும் மிஞ்சாது. வரிக் கடைசி விஷயத்தில் நீங்களும் நானும் ஒத்துப்போகப் போவதில்லை, விடுங்கள்.

முகில்வரி

திருத்திவிட்டேன், பாருங்கள்.

அந்தக் கதவைத் திறக்காத கை
இன்னும் உன்னைக் கேட்கிறது
மழையில் நனைந்த கடிதம்
சொல்லிவிட்டது எல்லாம்
நீ வரச் சொன்ன நாளின் மனம்

பனித்துளி

மணம் என்றீர்களே?

முகில்வரி

அந்தப் பாராட்டை மறுபடி படித்தேன் அக்கா. விட்டுவிட்டேன்.

பழைய மெய்ப்பாளன்

நான் மெய்ப்பில் இதைச் சுழித்துக் கேள்விக்குறி போட்டிருப்பேன்.